கைமாறும் டொமைனுக்கு வில்லங்கம் பார்ப்பது

2021 ஜனவரி கடைசியில், அஃப்டர்னிக் என்ற டொமைன் சந்தையில் perl.com என்ற பெயர் விற்பனைக்கு வந்தது. கேட்ட விலை 1,90,000 டாலர். பெர்ல் என்னும் கணினி மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு அது பல்லாண்டுகளாகப் பழகிய முகவரி. நான்கே எழுத்து, டாட் காம், தொண்ணூறுகளிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பெயர். கையில் பணத்தோடு அதைப் பார்த்த எவருக்கும் இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்றுதான் தோன்றியிருக்கும்.

அது திருட்டுச் சொத்து. அந்தத் தளத்தை நடத்தி வந்தவர்களுக்கே, பெயர் கைவிட்டுப் போன செய்தி அந்த வாரத்தில்தான் தெரிந்தது. ஊடகத்தினர் விசாரிக்கத் தொடங்கியதும் சந்தையிலிருந்து விளம்பரம் நீக்கப்பட்டது. பிப்ரவரி முதல் நாட்களில் பெயர் பழைய உரிமையாளருக்கே திரும்பியது. நல்லவேளையாக, இடையில் யாரும் பணம் கட்டியிருக்கவில்லை.

ஏற்கெனவே ஒருவர் பதிவுசெய்து வைத்திருக்கும் டொமைனை விலைகொடுத்து வாங்குவது இப்போது சிறு நிறுவனங்களுக்கும் வழக்கமாகிவிட்டது. கடைக்குப் பெயர் வைத்து, போர்டு மாட்டி, ஜிஎஸ்டி எடுத்த பிறகுதான் அந்தப் பெயரின் டாட் காம் வேறு யாரிடமோ இருப்பது தெரியவரும். அவரைத் தேடிப் பிடித்தால் ஒரு விலை சொல்வார். அதன்பிறகு நடப்பது நிலம் வாங்குவதைப் போன்ற காரியம்தான். ஆனால் நிலத்துக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்கு இல்லை. நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்கலாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். டொமைனுக்கு அப்படிச் சான்று கொடுக்கும் அலுவலகம் எதுவும் கிடையாது. இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டுமே பதிவேடு சொல்லும். நேற்று யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதை வாங்குகிறவர்தான் துண்டுதுண்டாகச் சேகரித்துக் கோக்க வேண்டும்.

perl.com-ஐ வைத்தே அந்த வேலையைச் செய்து பார்க்கலாம். பின்னர் தெரியவந்த விவரங்களின்படி, அந்தப் பெயர் பல ஆண்டுகளாக நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற அமெரிக்க ரிஜிஸ்ட்ராரிடம் பதிவாகியிருந்தது. ரிஜிஸ்ட்ரார் என்பது டொமைனைப் பதிவுசெய்து தரும் நிறுவனம். 2020 செப்டம்பரிலேயே அந்தக் கணக்கு பிறர் கைக்குப் போய்விட்டது. போலி ஆவணம் காட்டி ஊழியர்களை ஏமாற்றியிருக்கலாம் என்பது தளத்தை நடத்தியவர்களின் ஊகம். டிசம்பரில் பெயர் பிஸ்சிஎன் என்ற சீன ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றப்பட்டது. ஜனவரியில் அங்கிருந்து கீ சிஸ்டம்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்குப் போனது. அதன்பிறகே விற்பனைக்கு வந்தது.

திருடியவர் டிசம்பரில் ஒரு காரியத்தைத் தொடாமல் விட்டிருந்தார். அதுதான் இந்தக் கதையில் முக்கியம். பெயரைப் புது ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றியவர் நேம்சர்வரை மாற்றவில்லை. டொமைனைத் தட்டினால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது நேம்சர்வர். அது பழையபடியே இருந்ததால் தளமும் பழையபடியே ஓடியது. வாசகர் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, உரிமையாளருக்கும் தெரியவில்லை. தளம் ஒழுங்காக ஓடுகிறதே, விற்பவர் உண்மையானவராகத்தான் இருப்பார் என்று வாங்குகிறவர் நினைத்தால் அந்த நினைப்புக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அப்படியானால் எங்கே பார்ப்பது? முதல் இடம் lookup.icann.org. டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடுபக்கம் அது, கட்டணம் இல்லை. பெயரைத் தட்டினால் பதிவான தேதி, காலாவதி தேதி, இப்போதைய ரிஜிஸ்ட்ரார், நேம்சர்வர், பூட்டு நிலை எல்லாம் வரும். உரிமையாளர் பெயர் மட்டும் பெரும்பாலும் வராது. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அந்த இடத்தில் REDACTED என்றுதான் இருக்கும். அதை மட்டும் வைத்து விற்பவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இன்றைய பதிவு பாதிக்கதைதான். பழைய பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் டொமைன்டூல்ஸ், ஹூக்ஸி போன்ற சேவைகளில் கட்டணம் கட்டினால், அதே பெயரின் சென்ற ஆண்டுகளின் பதிவுகளைக் காட்டுவார்கள். டொமைன் உலகில் வில்லங்கச் சான்றுக்கு மிகவும் நெருக்கமான பொருள் இதுதான். perl.com-க்கு அப்படிப் பார்த்திருந்தால் நெடுங்காலம் ஒரே ரிஜிஸ்ட்ராரிடம் அசையாமல் இருந்த பெயர், சில வாரங்களுக்குள் இரண்டு நாட்டு ரிஜிஸ்ட்ரார்களிடம் கைமாறி, உடனே சந்தைக்கும் வந்திருப்பது தெரிந்திருக்கும். ரிஜிஸ்ட்ராரை மாற்றுவது குற்றமில்லை, கட்டணம் குறைவாக இருக்கும் இடத்துக்குப் பலரும் மாறுவார்கள். ஆனால் பழமையான பெயர், திடீர் இடமாற்றங்கள், அவசர விற்பனை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் பேச்சுவார்த்தையை அங்கேயே நிறுத்திவிட்டு, பழைய பதிவில் இருக்கும் உரிமையாளரைத் தேடிப் பேச வேண்டும். பெரும்பாலும் அங்கே ஒரு தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். “இந்தப் பெயரை நீங்கள் விற்றுவிட்டீர்களா?” என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

விற்பவரிடம் டொமைன் இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு TXT பதிவைச் சேர்க்கச் சொல்லி, அதில் இட வேண்டிய சொல்லை வாங்குகிறவரே கொடுக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து இந்தக் கட்டளையைத் தட்டினால் அந்தச் சொல் திரையில் வந்து நிற்கும்:

```
dig +short TXT example.com
"saripaarppu-4471"
```

வரவில்லை என்றால் விற்பவர் தன்னிடம் இல்லாத பெயரை விற்கிறார், அல்லது இடைத்தரகர். வந்தால் டொமைன் அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான் பொருள். திருடியவரிடமும் கட்டுப்பாடு இருக்கும். பூட்டை உடைத்து வீட்டுக்குள் போனவராலும் ஜன்னலைத் திறந்து கைகாட்ட முடியும். அதனால் இந்தச் சோதனையும் பழைய பதிவுகளும் சேர்ந்துதான் பயன் தரும்.

காகித ஆதாரத்தை நம்பலாமா? அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. p2p.com என்ற பெயரை 2005இல் மூன்று பேர் சேர்ந்து 1,60,000 டாலருக்கு வாங்கினார்கள். 2006இல் அது அவர்கள் கணக்கிலிருந்து திருடப்பட்டது. திருடிய நியூஜெர்சி இளைஞர், தானே முறைப்படி வாங்கியதுபோல் பணம் கட்டிய பதிவையும் போலியாகத் தயாரித்துக்கொண்டார். பிறகு ஈபே ஏலத்தில் விற்றார். வாங்கியவர் மார்க் மேட்சன் என்ற பிரபல கூடைப்பந்து வீரர், கொடுத்தது 1,11,000 டாலருக்கு மேல். திருடியவர் 2009இல் கைதாகி, 2011இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். டொமைன் திருட்டுக்காக அமெரிக்காவில் ஒருவர் தண்டிக்கப்பட்ட முதல் வழக்கு இது என்று சொல்கிறார்கள். மேட்சன் எந்தத் தப்பும் செய்யவில்லை, பகிரங்க ஏலத்தில் பணம் கொடுத்து வாங்கினார். ஆனால் அவர் வாங்கியது விற்றவருக்குச் சொந்தமில்லாத பொருள்.

ஆகவே ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீடியோ அழைப்பில், விற்பவர் தன் ரிஜிஸ்ட்ரார் கணக்குக்குள் நுழைந்து, பல ஆண்டுகளாகப் புதுப்பித்த ரசீதுகளைத் தானே திறந்து காட்டச் சொல்லலாம். உண்மையான உரிமையாளருக்கு அதில் தயக்கம் இருக்காது. நான்கைந்து ஆண்டு ரசீதுகள் ஒரே பெயரில் வரிசையாக இருந்தால் அதை ஓரளவு மூலப்பத்திரமாகவே கொள்ளலாம்.

உரிமை சரியாக இருந்தாலும், அந்தப் பெயர் முன்பு எப்படி வாழ்ந்தது என்பது தனிக் கேள்வி. web.archive.org பழைய இணையப் பக்கங்களை 1996இலிருந்து சேமித்து வருகிறது. பெயரைத் தட்டி ஆண்டுவாரியாகத் திறந்து பார்த்தால், 2012 வரை ஒரு பள்ளியின் தளமாக இருந்தது, பிறகு இரண்டு ஆண்டு வெறுமை, பிறகு சூதாட்ட விளம்பரம் என்பதுபோல் முழு வரலாறும் கண்முன் வரும். இந்த வெறுமைக் காலத்தைப் பதிவுத் தேதியோடு ஒப்பிட வேண்டும். 2003ஆம் ஆண்டுப் பக்கம் காப்பகத்தில் இருக்கும்போது பதிவுத் தேதி 2016 என்று இருந்தால், பெயர் இடையில் புதுப்பிக்கப்படாமல் அழிந்து, வேறொருவரால் மறுபடி பதிவானது என்று அர்த்தம். அப்படி அழிந்த பெயர்களை வாங்கி, அவற்றின் பழைய மதிப்பை வைத்துத் தரமற்ற பக்கங்களைத் தேடலில் மேலே ஏற்றுகிறவர்கள் உண்டு. கூகுள் 2024 மார்ச்சில் இதைத் தன் விதிமீறல் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்தது. இப்படிக் கறைபட்ட பெயரில் நேர்மையான கடை திறந்தாலும் தேடலில் மேலே வருவது கடினம்.

மின்னஞ்சலுக்கும் இதே கதிதான். ஸ்பேம்ஹாஸ் என்ற அமைப்பின் கறுப்புப் பட்டியலில் பெயர் இருந்தால், அங்கிருந்து போகும் பில், கொட்டேஷன் எல்லாம் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்குப் போகும், அல்லது போய்ச் சேரவே சேராது. check.spamhaus.org பக்கத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வணிக முத்திரை விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். விற்பவர் அந்தப் பெயரை 2001இலிருந்து வைத்திருக்கிறார், அவர்மேல் யாரும் வழக்குப் போடவில்லை, ஆகவே தமக்கும் ஆபத்தில்லை என்று நினைப்பார்கள். 1999இலிருந்து நடைமுறையில் உள்ள சர்வதேச டொமைன் தகராறு விதியின் கீழ் வரும் வழக்குகளில், பெயர் புதியவர் கைக்கு வரும் நாளைப் புதுப் பதிவு நாளாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். பழையவர் பதிவுசெய்தபோது அந்த முத்திரை பிறக்காமலே இருந்திருக்கலாம், அவர் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். இன்று வாங்குகிறவருக்கு அந்த நிழல் கிடைக்காது. பணம் பேசும் முன் வணிக முத்திரைப் பதிவேட்டில் ஒருமுறை தேடிவிடுவது நல்லது.

இனி பணம். முன்பின் அறியாத இருவர், வெவ்வேறு நாட்டில். பணம் முதலில் போனால் வாங்குகிறவருக்கு ஆபத்து, டொமைன் முதலில் போனால் விற்பவருக்கு ஆபத்து. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் எஸ்க்ரோ. இருவரும் ஏற்கும் மூன்றாம் நபரிடம் பணம் தங்கும், டொமைன் கைக்கு வந்ததை வாங்குகிறவர் உறுதிசெய்த பிறகே விற்பவருக்குப் போகும். இந்தத் துறையில் அதிகம் புழங்கும் பெயர் 1999இல் தொடங்கிய எஸ்க்ரோ.காம். கலிஃபோர்னியா மாநிலத்தில் உரிமம் பெற்ற நிறுவனம் அது. சந்தைத் தளங்கள் சிலவும் இதே வேலையைச் செய்து தருகின்றன.

எட்டாயிரம் டாலருக்கு ஒரு டாட் காம் பேசி முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் எஸ்க்ரோ தளத்தில் ஒப்பந்தத்தைத் தொடங்கி விலை, கட்டணம் யார் கட்டுவது, சரிபார்ப்புக்கு எத்தனை நாள் என்ற மூன்றையும் எழுதுகிறார். விற்பவர் ஏற்றுக்கொள்கிறார். வாங்குகிறவர் வங்கி மூலம் பணத்தை அனுப்புகிறார். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி படிவமும் காரணமும் கேட்கும், ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கலாம், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் வந்து சேர்ந்ததும் எஸ்க்ரோ நிறுவனம் விற்பவருக்குச் சொல்லும். அதன்பிறகுதான் டொமைன் நகரும்.

மோசடி நுழையும் இடமும் இதுதான். எஸ்க்ரோ நிறுவனம்போலவே தோற்றம் தரும் போலித் தளங்கள் ஏராளம். வழக்கமான காட்சி இப்படி இருக்கும்: விலை பேசும்வரை விற்பவர் மிகவும் இணக்கமாக இருப்பார். எஸ்க்ரோ என்றதும் உடனே சம்மதிப்பார். “நான் எப்போதும் பயன்படுத்தும் சேவை, இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்” என்று ஒரு முகவரி அனுப்புவார். அங்கே பூட்டுச் சின்னம், வாடிக்கையாளர் பாராட்டு, உரையாடல் பெட்டி எல்லாம் இருக்கும். கட்டிய பணம் நேராக அவரிடமே போகும். எஸ்க்ரோ சேவையை வாங்குகிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், முகவரியை உலாவியில் தன் கையால் தட்ட வேண்டும், வந்த இணைப்பைச் சொடுக்கக் கூடாது. விற்பவர் வேறு சேவைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் விலகிவிடலாம்.

டொமைன் நகர்வதற்கு இரண்டு பாதைகள் உண்டு. இருவருக்கும் ஒரே ரிஜிஸ்ட்ராரிடம் கணக்கு இருந்தால், விற்பவர் தன் கணக்கிலிருந்து வாங்குகிறவர் கணக்குக்குத் தள்ளிவிடலாம். இந்த வட்டாரத்தில் அதற்கு ‘புஷ்’ என்று பெயர், சில நிமிடங்களில் முடிந்துவிடும். வேறு ரிஜிஸ்ட்ரார் என்றால், விற்பவர் முதலில் பூட்டை எடுக்க வேண்டும். lookup.icann.org பக்கத்தில் client transfer prohibited என்ற வரி மறைந்தால் பூட்டு எடுபட்டது என்று தெரியும். பிறகு அவர் ஒரு ரகசியக் குறியீட்டைக் கொடுப்பார். அதை வாங்குகிறவர் தன் ரிஜிஸ்ட்ராரிடம் உள்ளிட்டு, ஓராண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த ஓராண்டு காலாவதி தேதியோடு சேர்ந்துகொள்ளும், வீணாகாது. பழைய ரிஜிஸ்ட்ரார் தானாக ஒப்புதல் தராவிட்டால் ஐந்து நாள் காத்திருந்தால் மாற்றம் நடந்துவிடும்.

அறுபது நாள் பூட்டு இங்கே பலரைச் சிக்கவைக்கிறது. ஐகான் விதிப்படி, புதிதாகப் பதிவாகியோ இடம் மாறியோ அறுபது நாள் ஆகாத பெயரை மறுபடி மாற்றுவதற்கு ரிஜிஸ்ட்ரார் மறுக்கலாம், பெரும்பாலும் மறுப்பார்கள். உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினாலும் அதே பூட்டு விழக்கூடும். விற்பவர் நல்லெண்ணத்தோடு, “முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுகிறேன், பிறகு உங்கள் ரிஜிஸ்ட்ராருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார். அந்த வரிசையில் செய்தால் பெயர் இரண்டு மாதம் பழைய ரிஜிஸ்ட்ராரிடமே சிக்கிக்கொள்ளும். முதலில் ரிஜிஸ்ட்ரார் மாற்றம், அடுத்துதான் பெயர் மாற்றம். தன் கணக்கின் கடவுச்சொல்லையே தந்துவிடுகிறேன் என்று விற்பவர் சொன்னால் ஏற்கவே கூடாது. அந்தக் கணக்கின் மின்னஞ்சல் அவருடையது, கடவுச்சொல்லை மீட்டெடுக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும்.

பெயர் புதுக் கணக்கில் தெரிந்ததும், எஸ்க்ரோ பக்கத்தில் ஒப்புதல் பொத்தானை அழுத்தக் கை துறுதுறுக்கும். அழுத்தக் கூடாது. சரிபார்ப்பு நாட்கள் இருப்பது இதற்காகத்தான். கூகுள் தரும் தண்டனை விவரம் வெளியாருக்குத் தெரியாது, டொமைனைக் கட்டுப்படுத்துகிறவருக்கு மட்டுமே தெரியும். இப்போது அந்த உரிமை வாங்குகிறவரிடம் வந்திருக்கிறது. கூகுள் சர்ச் கன்சோலில் பெயரைச் சேர்த்து, TXT பதிவு மூலம் உறுதிசெய்து, Manual actions, Security issues ஆகிய இரண்டு பக்கங்களையும் திறந்து பார்க்க வேண்டும். விற்பவர் மறைத்த தண்டனை அங்கே இருந்தால், பணம் இன்னும் எஸ்க்ரோவில்தான் இருக்கிறது, பேச வழியிருக்கிறது. அதனால் சரிபார்ப்புக் காலத்தை ஒரு நாள் என்று எழுதாமல் ஐந்து நாளாவது கேட்டு வாங்க வேண்டும்.

அதே நாட்களில் பழைய டிஎன்எஸ் மிச்சங்களையும் பார்க்க வேண்டும். முந்தையவர் டிஎன்எஸ்செக் என்ற கையொப்பப் பாதுகாப்பைப் போட்டிருந்து, அதன் DS பதிவை நீக்காமல் நேம்சர்வரை மட்டும் மாற்றினால், தளம் பல இடங்களில் திறக்கவே திறக்காது. புதிதாக வாங்கியவர் ஹோஸ்டிங் நிறுவனத்தைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார், கோளாறு பழைய DS வரியில் இருக்கும். ரிஜிஸ்ட்ரார் கணக்கில் அதை நீக்கினால் சரியாகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒப்புதல் கொடுத்துப் பணத்தை விடுவிக்கலாம். உடனே பூட்டைத் திரும்பப் போட்டு, தானியங்கிப் புதுப்பிப்பையும் இரண்டடுக்கு உள்நுழைவையும் இயக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரார் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல், வாங்கிய அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் கைவிட்டுப் போகும் நாளில் அந்த அஞ்சல் பெட்டியும் கூடவே போய்விடும், எச்சரிக்கைக் கடிதம் திருடியவரிடமே போய்ச் சேரும். வேறொரு முகவரியைக் கொடுத்து, அதற்கும் இரண்டடுக்கு உள்நுழைவு போட வேண்டும். p2p.com-இன் உரிமையாளர்களிடமிருந்து அந்தப் பெயர் போனதும் அவர்களுடைய மின்னஞ்சல் கணக்கு வழியாகத்தான்.